நாலு நாள் வேலைக்கு மாறும்போது விடுப்புக் கணக்கு எங்கே உதைக்கும்

வீட்டில் அப்பாவைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்ததால், ஆண்டின் நடுவில் வாரம் ஐந்து நாள் வேலையை நாலு நாளாகக் குறைத்துக்கொண்டேன். அலுவலகம் தயங்காமல் ஒப்புக்கொண்டது. ஆனால் கையில் வந்த ஒப்புதல் கடிதத்தில் பணம் சம்பந்தப்பட்ட விஷயம் ஒரே வரியில் முடிந்திருந்தது: சம்பளமும் விடுப்பும் சலுகைகளும் 80 சதவீதமாக மாற்றப்படும். படித்தால் நியாயமாகத்தான் தெரியும். ஐந்தில் நாலு என்றால் 80 சதவீதம்தானே? அப்புறம் பேரோல் பிரிவில் இருந்த மேடத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு இனமாகப் பார்த்தபோதுதான் அந்த ஒரு வரிக்குள் எத்தனை கணக்குகள் இருக்கின்றன என்று தெரிந்தது. எதில் 80 சதவீதம், எந்தத் தேதியிலிருந்து, நாளாக எண்ணுவதா மணியாக எண்ணுவதா என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பதில் வருகிறது. இதே மாற்றத்துக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கணக்கு எளிதாகப் புரிய, எண்களை முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

முதலில், நாலு நாள் வேலை என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் புழங்குகின்றன. ஒன்று, வாரத்துக்கு 40 மணி நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, நாளுக்கு 10 மணி வீதம் நாலு நாளில் முடிப்பது. பெல்ஜியத்தில் 2022-இல் சட்டமாக வந்தது இந்த வகைதான். இதில் வேலை நேரம் குறையவில்லை, ஆகவே சம்பளமும் குறையக் கூடாது. இரண்டாவது, நேரமும் சம்பளமும் சேர்ந்து குறைவது: 32 மணி, 80 சதவீதச் சம்பளம். நான் மாறியது இதற்குத்தான். மூன்றாவது, நேரம் 80 சதவீதம், சம்பளம் முழுசு, வேலையின் விளைவும் முழுசு. பிரிட்டனில் 2022-இல் 61 நிறுவனங்கள் சேர்ந்து ஆறு மாதம் முயன்று பார்த்தது இந்த மூன்றாவது வகையை. உங்கள் கடிதத்தில் வாரத்துக்கு எத்தனை மணி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். நாலு நாள் என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு கீழே வரும் எந்தக் கணக்கையும் போட முடியாது.

சரி, விடுப்புக்கு வருவோம். முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்கு 25 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் வாரத்தில் அது ஐந்து வாரம். நாலு நாள் வாரத்துக்கு மாறினால் 20 நாள். ஐந்து நாள் போய்விட்டது போலத் தோன்றும், ஆனால் ஒரு முழு வாரம் வீட்டில் இருக்க இப்போது நாலு நாள் விடுப்பு போட்டால் போதும். ஆகவே 20 நாளும் ஐந்து வாரம்தான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. முதல் வகையில் என்ன ஆகும்? 25 நாளை எட்டு மணியால் பெருக்கினால் 200 மணி. நாள் ஒன்றுக்கு 10 மணி வேலை என்பதால், ஒரு நாள் விடுப்பு 10 மணியைச் சாப்பிடும். 200 மணிக்கு 20 நாள். அங்கேயும் ஐந்து வாரம். நாளாக மட்டும் எண்ணி 25 நாளையே விட்டுவைத்தால் அந்த ஊழியருக்கு ஆறு வாரத்துக்கு மேல் கிடைக்கும். அதை நிர்வாகம் என்றாவது ஒருநாள் கண்டுபிடித்துப் பின்தேதியிட்டுப் பிடிக்கும், அப்போதுதான் மனக்கசப்பு. அதனால் விடுப்பு இருப்பை மணியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நாளின் நீளம் மாறினாலும் மணி மாறாது.

ஆண்டின் முதல் தேதியில் மாறுகிறவருக்குப் பிரச்சினை இத்தோடு முடிந்தது. ஆண்டின் நடுவில் மாறுகிறவருக்குத்தான் கணக்கு உதைக்கும். பெரும்பாலான விடுப்பு மென்பொருள்கள் செய்வது என்ன தெரியுமா? ஊழியரின் வகையை 80 சதவீதம் என்று மாற்றியதும், ஆண்டு முழுவதுக்குமான உரிமையை 25-லிருந்து 20 ஆக்கிவிடுகின்றன. ஏற்கெனவே எடுத்த நாள்களை அதிலிருந்து கழித்து மீதியைக் காட்டுகின்றன.

ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். விடுப்பு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஜூலை 1 முதல் நாலு நாள் வேலை, நாளுக்கு எட்டு மணி. ஜூன் வரை ஐந்து நாள் விடுப்பு எடுத்தாயிற்று. மென்பொருள் காட்டும் மீதி: 20 கழித்தல் 5, அதாவது 15 நாள்.

இப்போது மணியில் போடுங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை முழுநேரம் உழைத்ததற்குச் சேர்ந்தது 200 மணியில் பாதி, 100 மணி. அதில் ஐந்து நாள், அதாவது 40 மணி செலவு. மீதி 60. ஜூலை முதல் டிசம்பர் வரை சேரப்போவது 100 மணியில் 80 சதவீதம், 80 மணி. ஆக மொத்தம் கையில் இருக்க வேண்டியது 140 மணி, எட்டு மணி நாளாகப் பார்த்தால் பதினேழரை நாள். மென்பொருள் காட்டியதைவிட இரண்டரை நாள் அதிகம். அந்த 20 மணி எங்கே போனது என்றால், முழுநேரமாக உழைத்துச் சேர்த்த முதல் அரையாண்டு விடுப்பிலும் 20 சதவீதத்தைச் சத்தமில்லாமல் வெட்டியிருக்கிறது.

இதை மேடத்திடம் காட்டியபோது அவர் சொன்ன பதில் முதலில் கேட்க மிகச் சரியாகவே இருந்தது. "பாருங்க சார், ஜூன் வரைக்கும் நீங்க சேர்த்தது பன்னிரண்டரை நாள். அப்போ அது இரண்டரை வாரம். இப்போ அதை பத்து நாளாக்கினாலும் உங்களுக்கு அதே இரண்டரை வாரம்தானே லீவு? என்ன குறைஞ்சுது?"

குறைந்தது சம்பளம். பழைய கணக்கில் அந்த இரண்டரை வாரத்துக்கு முழு வாரச் சம்பளம் வந்திருக்கும். புதிய கணக்கில் அதே இரண்டரை வாரத்துக்கு 80 சதவீதச் சம்பளம். மிச்ச 20 சதவீதத்தை ஈடுகட்ட அவர் காட்டுவது வாரத்தில் ஐந்தாவது நாளை. அந்த நாள் எப்படியும் எனக்கு வேலையில்லாத நாள், அதற்குச் சம்பளமும் கிடையாது. வேலையே இல்லாத நாளை விடுப்பு நாள் என்று எண்ணிக் காட்டுவதில்தான் அந்த வாதம் நிற்கிறது.

இதே வாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2010-இல் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் சம்பந்தப்பட்ட வழக்கில், முழுநேரமாக இருந்தபோது சேர்ந்த விடுப்பை, பகுதிநேரத்துக்கு மாறினார் என்ற காரணத்தால் குறைக்கக் கூடாது என்று அந்த நீதிமன்றம் சொன்னது. 2013-இல் ஜெர்மனியிலிருந்து பிராண்டெஸ் வழக்கு வந்தது. அங்கே மேடம் சொன்னது போலவே, வாரக் கணக்கில் பார்த்தால் எதுவும் குறையவில்லையே என்ற வாதம் வைக்கப்பட்டது. விடுப்பில் இருக்கும் நேரத்தையும் சாதாரணமாக வேலை இல்லாத நேரத்தையும் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அந்த விடுப்பை முன்பே எடுக்க ஊழியருக்கு வாய்ப்பு இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்புகளில் உண்டு. ஆகவே மாறும் தேதி நெருங்கும்போது பழைய விடுப்பை எடுத்துத் தீர்க்கச் சொல்லி வாய்ப்புக் கொடுத்தால், அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். கேட்டு மறுக்கப்பட்டால் அதையும். ஒன்றியத்துக்கு வெளியே அந்தத் தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. உங்கள் நாட்டுச் சட்டத்தையும் நியமன ஒப்பந்தத்தையும்தான் பார்க்க வேண்டும். ஆனால் வாதம் என்ற அளவில் அது எங்கேயும் எடுத்து வைக்கக்கூடியது. எங்கள் அலுவலகத்தில் அதை எடுத்து வைத்தபோது எடுபட்டது, இரு அரையாண்டையும் தனித்தனியாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜூனுக்குள் 25 நாளையும் எடுத்துத் தீர்த்த ஒருவர் இருந்தால், அவருடைய மொத்த உரிமை 180 மணி, எடுத்தது 200. 20 மணி அதிகம் எடுத்திருக்கிறார். அதை எப்படி நேர்செய்வது, சம்பளத்தில் பிடிப்பதா, அடுத்த ஆண்டில் கழிப்பதா என்று மாறும் முன்பே பேசி முடிவெடுப்பது நல்லது.

பொது விடுமுறைகள் இதைவிடச் சிக்கலானவை. அதைப் பற்றிக் கடிதங்களில் ஒரு வார்த்தைகூட இருப்பதில்லை. ஆண்டுக்கு 10 பொது விடுமுறை என்று வையுங்கள். ஐந்து நாள் ஊழியருக்கு அது 80 மணி சம்பளத்துடன் ஓய்வு. 80 சதவீத ஊழியருக்குச் சேர வேண்டியது 64 மணி. ஆனால் உண்மையில் கிடைப்பது அவர் எந்தக் கிழமையை ஓய்வு நாளாகத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பொறுத்தது. அந்த ஆண்டில் பத்தில் நாலு விடுமுறை திங்கட்கிழமையில் விழுகிறது, அவருடைய ஓய்வு நாளும் திங்கள் என்றால், அவருக்குக் கிடைப்பது ஆறு நாள், 48 மணி. 16 மணி நஷ்டம். பக்கத்து மேசைக்காரர் புதன்கிழமையை எடுத்துக்கொண்டார், புதனில் ஒரே ஒரு விடுமுறைதான் என்றால் அவருக்கு 72 மணி. ஒரே சம்பளம், ஒரே ஒப்பந்தம், ஆனால் இருவருக்கும் இடையே மூன்று நாள் வித்தியாசம்.

இதற்கு நல்ல தீர்வு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. ஆண்டு விடுப்பையும் பொது விடுமுறையையும் ஒரே இருப்பாகச் சேர்த்துவிடுவது. ஆண்டு முழுவதும் 80 சதவீதத்தில் இருப்பவருக்கு விடுப்பு 160 மணி, விடுமுறை 64 மணி, மொத்தம் 224. பிறகு தன் வேலை நாளில் எந்தப் பொது விடுமுறை விழுகிறதோ அதற்கு எட்டு மணியை இருப்பிலிருந்து கழிக்க வேண்டும். தன் ஓய்வு நாளில் விழுந்தால் கழிக்கத் தேவையில்லை. திங்கள்காரருக்கு 48 கழிந்து 176 மணி, அதாவது 22 நாள் மிஞ்சும். புதன்காரருக்கு 72 கழிந்து 152 மணி, 19 நாள். மொத்த ஓய்வு இருவருக்கும் ஒன்றே. 40 மணியை நாலு நாளில் செய்கிறவர்களிடம் மட்டும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அவர்களுடைய விடுமுறை இருப்பு 80 மணி, ஆனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் 10 மணி கழியும். ஒன்பது விடுமுறை வேலை நாளில் விழுந்தால் 90 மணி. கூடுதல் 10 மணி ஆண்டு விடுப்பிலிருந்து போகும். விடுமுறைக்கு ஏன் என் லீவைப் பிடித்தீர்கள் என்று கேட்பார்கள். கணக்கு சரிதான், ஆனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லாவிட்டால் கோபம் வருவது இயல்பு.

அடுத்து சம்பளம். மாதச் சம்பளம் 26,000 என்று ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம். 80 சதவீதம் 20,800. இதைப் போடுவதில் யாரும் தவறுவதில்லை. தவறு நடப்பது ஒரு நாள் சம்பளத்தைக் கணக்கிடும் இடத்தில். ஐந்து நாள் வாரத்தில் ஆண்டுக்கு 260 வேலை நாள். 26,000-ஐ 12-ஆல் பெருக்கி 260-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,200. நாலு நாள் வாரத்தில் ஆண்டுக்கு 208 வேலை நாள். 20,800-ஐ 12-ஆல் பெருக்கி 208-ஆல் வகுத்தால் அதே 1,200. அப்படித்தான் இருக்க வேண்டும், ஒரு நாள் உழைப்பின் மதிப்பு மாறவில்லையே. ஆனால் மென்பொருளில் வகுக்கும் எண் பழைய 260-ஆகவே நின்றுவிட்டால் நாள் சம்பளம் 960 ஆகிவிடும். மாதச் சம்பளத்தில் இது தெரியாது. மீந்த விடுப்பைப் பணமாக்கும்போது, வேலையை விட்டுப் போகும்போது, ஓவர்டைம் போடும்போதுதான் தெரியும். நாளுக்கு 240 வீதம் குறையும். சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் குறைவாகப் பிடித்திருப்பார்கள், அப்போது நஷ்டம் நிறுவனத்துக்கு. மாறிய முதல் மாதத்திலேயே ஒரு நாள் சம்பளம், ஒரு மணிச் சம்பளம் இரண்டையும் கேட்டு, பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாளின் நீளம் மாறாதவருக்கு இரண்டும் அப்படியே இருக்க வேண்டும். 10 மணி நாளுக்கு மாறியவருக்கு நாள் சம்பளம் 1,500 ஆகும், மணிச் சம்பளம் 150-தான்.

இன்னொரு பிசகு, ஒரே விஷயத்தை இரண்டு முறை குறைப்பது. ஆண்டு போனஸ் அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம் என்றால், பழைய கணக்கில் 31,200. அடிப்படைச் சம்பளமே 80 சதவீதம் ஆகிவிட்டதால் போனஸ் தானாகவே 24,960 ஆகிவிடும். அதன் மேல் யாராவது பகுதிநேர ஊழியர் என்று சொல்லி இன்னொரு முறை 80 சதவீதம் போட்டால் 19,968. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: புதிய தொகையைப் பழைய தொகையால் வகுங்கள். 0.8 வந்தால் சரி, 0.64 வந்தால் இரண்டு முறை வெட்டியிருக்கிறார்கள். ஆண்டின் பாதியில் மாறியவருக்கு அந்த ஆண்டு 0.9 வர வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தால் கேளுங்கள். விற்பனை இலக்கை வைத்து ஊக்கத்தொகை பெறுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சம்பளத்தைக் குறைத்துவிட்டு இலக்கைப் பழையபடியே விட்டுவைத்தால், குறைப்பு அங்கேயும் ஒருமுறை நடக்கிறது.

படிகளைப் பொறுத்தவரை நேரத்தோடு சம்பந்தப்பட்டதும் படாததும் என்று பிரித்தாலே போதும். பயணப்படி வேலைக்கு வரும் நாளோடு குறையலாம். வேலைக்காகக் கொடுக்கும் போன் செலவு, தொழில்முறைச் சங்கத்தின் உறுப்பினர் கட்டணம் போன்றவை ஐந்து நாளுக்கும் நாலு நாளுக்கும் ஒன்றுதான். அவற்றைக் குறைக்கக் காரணம் இல்லை.

விகிதத்தில் இறங்காமல் ஒரேயடியாகப் போய்விடும் சலுகைகளும் உண்டு. அவற்றுக்கு ஒரு வாசல் இருக்கும்: வாரத்துக்கு இத்தனை மணிக்குக் குறையக் கூடாது என்று. அமெரிக்காவில் 2010-இல் வந்த சுகாதாரச் சட்டப்படி வாரத்துக்குச் சராசரி 30 மணி உழைப்பவர் முழுநேர ஊழியர், பெரிய நிறுவனங்கள் அவருக்குக் காப்பீடு தரக் கடமைப்பட்டவை. 32 மணி ஒப்பந்தத்துக்கு மாறுகிறவர் வாசலுக்கு உள்ளேயே இருக்கிறார். 28 மணிக்கு இறங்குகிறவர் அந்தப் பாதுகாப்பை இழக்கலாம். நேரத்தில் வித்தியாசம் நாலு மணிதான். உங்கள் ஊர்ச் சட்டத்திலோ குரூப் இன்சூரன்ஸ் பாலிசியிலோ இப்படி ஒரு எண் இருக்கிறதா என்று மணியை முடிவு செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அந்த எண்ணைத் தெரிந்துகொண்டால், ஒரு மணி கூட்டி வைத்துக்கொள்ள நிர்வாகமும் பெரும்பாலும் மறுக்காது.

கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் பலன்கள் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தவை. பணிக்கொடை, ஆட்குறைப்பு இழப்பீடு, சில ஓய்வூதியத் திட்டங்கள் எல்லாம் கடைசியாக வாங்கிய சம்பளத்தை எடுத்து, உழைத்த ஆண்டுகளால் பெருக்குகின்றன. பத்து ஆண்டு முழுநேரம் உழைத்துவிட்டுக் கடைசி ஆண்டில் 80 சதவீதத்துக்கு வந்தவருக்கு, அந்தப் பத்து ஆண்டும் சேர்ந்தே 80 சதவீதமாகிவிடும். 2009-இல் மீர்ட்ஸ் என்ற பெல்ஜிய வழக்கில், குழந்தை வளர்ப்பு விடுப்பின் பகுதியாக நேரம் குறைத்திருந்தவரை வேலையிலிருந்து நீக்கியபோது, இழப்பீட்டை முழுநேரச் சம்பளத்தில்தான் கணக்கிட வேண்டும் என்று அதே ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது அந்த வகை விடுப்புக்கு உரிய பாதுகாப்பு. சொந்தக் காரணத்துக்காக நேரம் குறைப்பவருக்கு ஒப்பந்தம்தான் துணை. கடைசிச் சம்பளம் என்பதற்கு முழுநேரத்துக்கு ஈடான சம்பளம் என்று பொருள் கொள்ளப்படும், குறைந்த நேரம் உழைத்த காலம் மட்டும் விகிதப்படி எண்ணப்படும் என்று ஒரு வாக்கியம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்கள். ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே இருக்கிறவர்கள் இந்த வாக்கியம் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்படிப் பேசியதெல்லாம் கடைசியில் திருத்திய கடிதமாக வந்தது. வாரத்துக்கு 32 மணி என்றும், எந்தக் கிழமை ஓய்வு என்றும், அந்தக் கிழமையை மாற்ற எத்தனை நாள் முன்னறிவிப்பு என்றும் இருந்தது. விடுப்பு இருப்பு மணியில், மாறும் தேதிவரை சேர்ந்தது தனியாக, அதன் பிறகு சேர்வது தனியாக. மணிச் சம்பளம் எண்ணாக எழுதப்பட்டிருந்தது. முழுநேரத்துக்குத் திரும்பும் வழியும் அதில் உண்டு. திரும்பும்போதும் விடுப்புக் கணக்கு அதே மாதிரிதான்: குறைந்த நேரத்தில் சேர்ந்தது சேர்ந்தபடியே நிற்கும், திரும்பிய தேதியிலிருந்து புதிய வேகத்தில் சேரும். 2015-இல் கிரீன்ஃபீல்ட் வழக்கில் அந்த நீதிமன்றம் சொன்னதும் இதுதான், நேரம் கூடினால் கூடிய காலத்துக்கு மட்டுமே புதிய கணக்கு, பழைய காலத்துக்குப் பின்னோக்கிப் போட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒரே விதி என்று எழுதிவைத்தால் திரும்பும் நாளில் பேசித் தீர்க்க எதுவும் மிச்சமிருக்காது.